மறதியை நடிக்க நினைவு வேண்டும்

பாசாங்கு என்பது மருத்துவரின் அதிகாரத்துக்கு எதிராக நோயாளி கையிலெடுத்த ஆயுதம் என்று ஃபூக்கோ 1973-74 விரிவுரைகளில் பேசுகிறார். நீதிமன்றம் அனுப்பிவைக்கும் மனநல மருத்துவருக்கோ கேள்வி வேறு. "எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லீங்க" என்கிறவரை அவர் எப்படிச் சோதிப்பது?

முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பது வெறும் நம்பிக்கை. அதைவிட உருப்படியான வழி, கடினம்போலத் தோன்றும் ஓர் எளிய வேலையைக் கொடுப்பது. 1996இல் வெளிவந்த ஒரு நினைவுச் சோதனையில் 50 படங்களைக் காட்டுகிறார்கள். பிறகு இரண்டிரண்டு படங்களாக வைத்து, முன்பு பார்த்தது எது என்று கேட்கிறார்கள். தலையில் அடிபட்டவர்கள்கூட இரண்டாம் சுற்றில் பெரும்பாலும் 45ஐ எட்டிவிடுகிறார்கள்.

ஒன்றுமே நினைவில்லாதவர் குருட்டாம்போக்கில் தொட்டாலும் சுமார் 25 சரியாக விழும். ஒருவருக்கு 15தான் சரி என்றால்? தற்செயலாக அவ்வளவு கீழே போவது ஆயிரத்தில் மூன்று தடவை நடக்கலாம். ஆக, சரியான படம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் தவிர்த்திருக்கிறார். சிக்கல் 25க்கும் 45க்கும் நடுவில். முற்றிய மறதிநோய் உள்ளவரும் அங்கே வந்து விழலாம். அந்த எண்ணை மட்டும் வைத்து 'நடிக்கிறான்' என்று எழுதுவது அறிவியல் அல்ல, அதிகாரம்.

எனவே சோதனை அறைக்கு வெளியே போக வேண்டியிருக்கிறது. நியூயார்க்கின் ஜெனோவீஸ் மாஃபியா கும்பலின் தலைவர் வின்சென்ட் ஜிகாண்டே, குளியல் அங்கியோடு தெருவில் முணுமுணுத்துக்கொண்டு நடப்பார். 1969க்குப் பிறகு இருபது தடவைக்கு மேல் மனநல மருத்துவமனையில் சேர்ந்தவர். மருத்துவர்கள் பலர் அவரை நோயாளி என்றே எழுதினார்கள். ஒவ்வொரு புது அறிக்கைக்கும் பழைய கோப்பு சாட்சி. பழைய கோப்புக்கு ஜிகாண்டேயும் குடும்பத்தாரும்தான் சாட்சி. பத்து ஆவணம்போலத் தெரிந்தது, உண்மையில் ஒரே குரலின் பத்துப் பிரதி.

1996இல் பழைய கூட்டாளிகள் வந்து, தங்களோடு அவர் தெளிவாகத் தொழில் பேசியதைச் சொன்னார்கள். தண்டனைக் குறைப்புக்காகச் சாட்சி சொன்னவர்கள். அவர்களையும் அப்படியே நம்பிவிட முடியாதுதான். ஆனால் அவர்கள் அந்தக் கோப்பைச் சாராதவர்கள். விசாரணையை எதிர்கொள்ளும் தகுதி அவருக்கு உண்டு என்றார் நீதிபதி நிக்கர்சன். 1997இல் 12 ஆண்டு தண்டனை. பிறகு சிறையிலிருந்து வீட்டாரோடு அவர் இயல்பாகப் பேசிய தொலைபேசிப் பேச்சுகளும் பதிவாகியிருந்தன. தன் மனநிலை குறித்து மருத்துவர்களை ஏமாற்றியதை 2003 ஏப்ரலில் அவரே ஒப்புக்கொண்டார்.

ஜிகாண்டேக்களை வைத்து எல்லோரையும் சந்தேகிப்பதுதான் இதில் ஆபத்து. நிஜமாகவே குரல்கள் கேட்கும் ஒருவர், மருத்துவர் நம்பமாட்டாரோ என்ற பயத்தில் இன்னும் இரண்டு குரல்களைச் சேர்த்துச் சொல்லக்கூடும். மிகைப்படுத்தினார் என்று நிரூபித்தாலும், அவருக்கு நோய் இல்லை என்று அதனால் நிரூபணமாகிவிடாது. அதைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.