128 கிலோ மாவு விற்றால் தவணை கட்டலாம்

கடன் கேட்டு வருபவர்களின் திட்ட அறிக்கை பெரும்பாலும் இருபது, முப்பது பக்கம் இருக்கும். கடன் அதிகாரி முதலில் படிப்பது அதன் சுருக்கத்தைத்தான். சந்தை, தேவைப்படும் பணம், திருப்பிக் கட்டும் வசதி மூன்றும் அதில் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்றுதான் அவர் பார்ப்பார்.

வீட்டில் நாளுக்கு 60 கிலோ இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் ஒரு பெண், பெரிய கிரைண்டர்கள் வாங்கி 150 கிலோவாக உயர்த்த நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'இட்லி மாவுக்கு எங்கும் கிராக்கி உண்டு' என்று அவர் எழுதினால் பயனில்லை. இப்போது எந்தெந்தக் கடைக்கு எத்தனை கிலோ போகிறது, கூடுதல் 90 கிலோவை யார் வாங்கிக்கொள்வார்கள் என்று எழுத வேண்டும். கடைக்காரர்கள் கையெழுத்திட்ட ஆர்டர் கடிதங்களும் ஆறு மாத வங்கிக் கணக்கு விவரமும் அதற்குச் சாட்சி.

அடுத்தது பணத் தேவை. இயந்திரத்தின் கொட்டேஷன் தொகையை மட்டும் கேட்டுவிட்டுப் பிறகு திண்டாடுபவர்கள் பலர். கடைக்காரர் வாரக் கடைசியில்தான் பணம் தருவார். அரிசி, உளுந்துக்கோ உடனே கொடுத்தாக வேண்டும். ஆகவே இயந்திரத்துக்கு 3,40,000 ரூபாய், நடைமுறை மூலதனம் 60,000 என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். மொத்தம் 4 லட்சம். கைப்பணம் 1 லட்சம் போக, கடன் 3 லட்சம். முத்ரா திட்டத்தின் 'கிஷோர்' பிரிவு 5 லட்சம் வரை என்பதால், சொத்துப் பிணை இல்லாமலே விண்ணப்பிக்கலாம்.

இனி திருப்பிக் கட்டுவது. கிலோ 45 ரூபாய்க்கு விற்று, அரிசி, உளுந்து, கவர் செலவு 30 போனால் 15 ரூபாய் நிற்கும். மாதம் 26 நாளில் 3,900 கிலோ, 58,500 ரூபாய். கூலி, வாடகை, மின்சாரம், பெட்ரோலுக்கு 31,500, குடும்பச் செலவுக்கு 12,000 கழித்தால் மிச்சம் 15,000. ஐந்தாண்டுக் கடனுக்கு 11 சதவீத வட்டியில் தவணை சுமார் 6,500. குடும்பச் செலவைக் கழிக்காமல் லாபத்தைப் பெரிதாகக் காட்டினால் அதிகாரி அதை அங்கேயே பிடித்துவிடுவார்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், நாளுக்கு 128 கிலோ விற்றால்தான் தவணை தடையில்லாமல் போகும் என்று தெரியும். இந்த எண்ணைச் சுருக்கத்தில் தாமே எழுதிவிடுவது நல்லது என்பேன். உளுந்து விலை ஏறி, கிலோ மாவுக்கு 2 ரூபாய் கூடினால் மிச்சம் 7,200 ஆகும், அப்போதும் சமாளிக்கலாம். விற்பனை 120 கிலோவுக்கு இறங்கினால் 3,300தான் மிஞ்சும், தவணையில் 3,200 குறையும். அதை ஈடுகட்டக் கணவரின் சம்பளம் இருக்கிறதென்றால், அதையும் சொல்லிச் சம்பளச் சீட்டையும் இணைத்துவிட வேண்டும்.