ரீடெய்னர் இன்வாய்ஸும் மிச்ச மணி நேரமும்

மாதந்தோறும் நிலையான ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக இத்தனை மணி நேரம் பணி செய்து தருவதாக ஒப்புக்கொள்ளும் முறையை ரீடெய்னர் என்கிறோம். ஹைதராபாதில் கணக்கு ஆலோசகர்கள், வடிவமைப்பாளர்கள் முதலான தொழில்முறையாளர்கள் பலர் இம்முறையில் தொழில் செய்கின்றனர். மாத இறுதியில் இன்வாய்ஸுடன் அவர்கள் அனுப்பும் சிறு மடல் தெளிவாக இல்லாவிடில், பணம் வருவது தாமதமாகிறது. பெரும்பாலும் சிக்கல் எழுவது மிச்ச மணி நேரத்தைக் கணக்கிடும் இடத்தில்தான்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மாதாப்பூரில் உள்ள ஒரு நிறுவனத்திற்குக் கணக்கு ஆலோசகர் ஒருவர் மாதம் ரூ. 40,000-க்கு 20 மணி நேரம் தர ஒப்புக்கொள்கிறார். பயன்படுத்தாத நேரத்தை அடுத்த ஒரு மாதத்திற்கு மட்டும் எடுத்துச் செல்லலாம். கூடுதல் மணி நேரம் ஒவ்வொன்றிற்கும் ரூ. 2,500. ஆகஸ்டில் 16 மணி, செப்டம்பரில் 22 மணி, அக்டோபரில் 25 மணி நேரம் பணி நடக்கிறது.

ஆகஸ்டில் 4 மணி நேரம் மிஞ்சியதில் ஐயமில்லை. செப்டம்பரில் பயன்பட்ட 22 மணியில் முதலில் கழிவது எது? ஆகஸ்டின் 4 மணியை முதலில் கழித்தால், செப்டம்பரின் 20-இல் 18 மட்டுமே செலவாகி, 2 மணி நேரம் அக்டோபருக்குச் செல்லும். செப்டம்பரின் 20 மணியை முதலில் கழித்தால், ஆகஸ்டின் 4-இல் 2 மட்டுமே பயன்பட்டு, மீதி 2 காலாவதியாகிவிடும். அக்டோபருக்கு ஒன்றும் செல்லாது.

எனவே அக்டோபரின் கூடுதல் நேரம் முதல் முறையில் 3 மணி, அதற்கு ரூ. 7,500. இரண்டாவது முறையில் 5 மணி, அதற்கு ரூ. 12,500. ஒப்பந்தம் ஒன்றே, உழைத்த நேரமும் ஒன்றே, வேறுபாடோ ரூ. 5,000. ‘மிச்ச நேரம் அடுத்த மாதத்திற்குச் செல்லும்’ என்று மட்டும் எழுதியிருந்தால், ஆலோசகர் ஒரு முறையிலும் நிறுவனம் மறு முறையிலும் கணக்கிடக்கூடும். வணிகவியல் படித்தோர் சரக்கு இருப்பில் காணும் ‘முதலில் வந்தது முதலில் செல்லும்’ என்னும் விதியே இங்கும் எளிதானது. பழைய மணி நேரமே முதலில் கழியும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நலம்.

அதன்பின் அக்டோபர் மடலை இவ்வாறு அமைக்கலாம்:

“அக்டோபர் மாத இன்வாய்ஸ் இணைக்கப்பட்டுள்ளது. செப்டம்பரிலிருந்து வந்த இருப்பு 2 மணி; இம்மாத ஒதுக்கீடு 20 மணி; ஆக மொத்தம் 22 மணி. பயன்பட்டது 25 மணி. ஒப்பந்தப்படி பழைய இருப்பு முதலில் கழிக்கப்பட்டுள்ளது. கூடுதல் 3 மணிக்கு, மணிக்கு ரூ. 2,500 வீதம் ரூ. 7,500. நவம்பருக்கு எடுத்துச் செல்லும் இருப்பு இல்லை. நாள்வாரி நேரப் பட்டியல் இணைப்பில் உள்ளது.”

இது வங்கிக் கணக்கு அறிக்கையின் ஒழுங்கையே பின்பற்றுகிறது: தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு. இறுதி இருப்பு பூஜ்யமாயினும் அதை எழுதிவிட வேண்டும். அடுத்த மாத மடல் அந்த எண்ணிலிருந்தே தொடங்கும். இடையில் பிழை நேர்ந்தால் எந்த மாதத்தில் நேர்ந்தது என்பதும் உடனே தெரியும்.

மடலின் கடைசி வரியில், கணக்கில் வரவேண்டிய தொகையைக் குறிப்பிடலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் கட்டணம் ரூ. 47,500. ஆலோசகர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராயின் 18 சதவீத வரி ரூ. 8,550 சேர்ந்து, இன்வாய்ஸ் தொகை ரூ. 56,050 ஆகும். தொழில்முறைக் கட்டணத்திற்கு 10 சதவீத டி.டி.எஸ். பிடிக்கும் நிறுவனம், ஜி.எஸ்.டி. தனியே காட்டப்பட்டிருந்தால் ரூ. 47,500-க்கு மட்டுமே கணக்கிட்டு ரூ. 4,750-ஐப் பிடிக்கும். வங்கிக் கணக்கில் வரவாவது ரூ. 51,300. இத்தொகையை முன்னரே எழுதிவிட்டால், பணம் குறைந்து வந்ததோ என்ற ஐயம் எழாது. வரவை இன்வாய்ஸுடன் பொருத்திப் பார்ப்பதும் எளிதாகும்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. மடல் ஒப்பந்தத்தை நினைவூட்டலாம், மாற்ற இயலாது. கூடுதல் மணி நேரக் கட்டணத்தை உயர்த்தவோ மிச்ச நேரத்திற்குப் புதிய வரம்பு வைக்கவோ விரும்பினால், அதற்கு வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலை முதலில் பெற வேண்டும். அதைப் பெற்றபின், எந்த மாதம் முதல் மாற்றம் நடைமுறைக்கு வருகிறது என்பதை அம்மாத மடலில் ஒரு வரியாகக் குறிப்பிட்டால் போதும்.