எதிரில் வருபவருக்கும் கணக்குத் தப்பலாம்

கிராமப்புறச் சாலை ஒன்றில் ஒரு கார் வேகமாக வருகிறது. கிளைச் சாலையில் இன்னொரு கார் நிற்கிறது. அதை ஓட்டுபவர், வரும் காரைப் பார்த்துவிட்டு, அதற்குள் கடந்துவிடலாம் என்று நினைத்துச் சாலையில் ஏறுகிறார். மோதப்போகும் அந்த நொடியில் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கிறது. இரண்டு ஓட்டுநர்களும் கதவைத் திறந்து இறங்கி, நடுச்சாலையில் நின்று பேசுகிறார்கள். நேரம் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்கிறார் கிளைச் சாலையிலிருந்து வந்தவர். பின் இருக்கையில் தன் மகன் இருப்பதைச் சொல்லிக் கெஞ்சுகிறார். எதிரில் நிற்பவர் அந்தப் பையனைப் பார்க்கிறார். நான் வேகமாக வந்துகொண்டிருக்கிறேன், என்னால் நிறுத்த முடியாது, மன்னியுங்கள் என்கிறார். இருவரும் அவரவர் காரில் ஏறி உட்காருகிறார்கள். உறைந்த நேரம் மறுபடி ஓடுகிறது.

நியூசிலாந்து அரசின் போக்குவரத்து முகமை 2014 ஜனவரியில் வெளியிட்ட விளம்பரப் படம் இது. ஒரு நிமிடம்தான் ஓடும். ரத்தம் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை, அழும் தாய் இல்லை. மோதலுக்குப் பிறகு திரையில் வரும் வாசகம் இவ்வளவுதான்: மற்றவர்கள் தவறு செய்வார்கள், வேகத்தைக் குறையுங்கள்.

சட்டப்படி பார்த்தால் இந்த விபத்தில் தப்பு கிளைச் சாலைக்காரருடையது. வழிவிட வேண்டியவர் அவர்தான். வாசகமோ அவரோடு பேசவே இல்லை. நேர்ச்சாலையில் வந்தவரிடம்தான் பேசுகிறது. அவரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. "நீங்கள் நன்றாகத்தான் ஓட்டுகிறீர்கள். குறுக்கே வருபவர் கணக்குத் தப்பினால் என்ன செய்வீர்கள்?" என்பதுதான் அது கேட்கும் கேள்வி. பதில் சொல்ல முடியாத கேள்வி அது.

இந்தப் படம் யாருக்காக எடுக்கப்பட்டதோ, அவர்களைத் தெரிந்துகொண்டால் வாசகத்தின் அருமை புரியும். கண்மண் தெரியாமல் பறப்பவர்களுக்கு அல்ல. திறமையான ஓட்டுநர்கள் என்று தங்களை நம்பி, அனுமதித்த வேகத்துக்குக் கொஞ்சம்தான் மேலே போகிறோம் என்று நினைப்பவர்களுக்கு. 1981-இல் ஓலா ஸ்வென்சன் என்ற ஸ்வீடன் உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர் தங்கள் ஓட்டும் திறமையைச் சராசரிக்கு மேல் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அப்படிப்பட்டவரிடம் "வேகம் கொல்லும்" என்றால், அது வேறு யாருக்கோ சொன்னது என்று கடந்துபோய்விடுவார். "உங்களால்தான் விபத்து" என்றால் வாதாடத் தொடங்குவார். மற்றவர்கள் தவறு செய்வார்கள் என்றால் மட்டும் உடனே தலையாட்டுவார்; அதைத் தினமும் பார்க்கிறவர் அவர். அந்தத் தலையாட்டலோடு சேர்த்தே வேகத்தைக் குறைக்கும் வேண்டுகோளும் உள்ளே போய்விடுகிறது.

வேண்டுகோளில் உண்மை இல்லாவிட்டால் இந்தச் சாமர்த்தியம் எல்லாம் வீண். அதனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நியூசிலாந்தின் ஊர்ப்புறச் சாலைகளில் வழக்கமான உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். குறுக்கே கார் வருவதைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கார் சுமார் 42 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த சாலையில் முழு பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் ஏறக்குறைய 55 மீட்டர் வேண்டும். ஆக 97 மீட்டர். அதே இடத்தில் 110-இல் வந்தவர், அதே நொடியில் பார்த்து, அதே மாதிரி பிரேக் பிடித்தாலும், முதல் கார் நின்றுவிட்ட அந்தப் புள்ளியைத் தாண்டும்போது அவர் கார் இன்னும் மணிக்கு 53 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கூடுதலாக வைத்துக்கொண்டது பத்து கிலோமீட்டர்தான். மோதும்போது அது ஐம்பதுக்கு மேலாகிவிடுகிறது. திறமை இரண்டு பேருக்கும் ஒன்றே.

பயமுறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் அளந்து பார்த்த சான்று உண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 2012 முதல் நெடுஞ்சாலை மின்பலகைகளில், அந்த ஆண்டு அதுவரை சாலையில் இறந்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டினார்கள். மாதம் முழுவதும் அல்ல, ஒரே ஒரு வாரம் மட்டும். அதனால் அதே சாலையில், அதே நேரத்தில், பலகை எண்ணைக் காட்டும் வாரத்தையும் காட்டாத வாரங்களையும் ஒப்பிட வழி கிடைத்தது. ஜோனத்தன் ஹால், ஜோஷுவா மேட்ஸன் என்ற இரு ஆய்வாளர்கள் அதைச் செய்து 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். எண்ணைக் காட்டிய வாரங்களில், பலகையைத் தாண்டிய 10 கிலோமீட்டர் தூரத்தில் விபத்துகள் 4.5 சதவீதம் அதிகமாகியிருந்தன. காட்டிய எண் பெரிதாக இருந்தபோது பாதிப்பும் கூடியது. சாவின் எண்ணிக்கை மனத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. சாலையைக் கவனிக்க வேண்டிய மனம் கொஞ்ச நேரம் அதிலேயே நிற்கிறது. அவர்கள் தரும் விளக்கம் இதுதான். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம் இப்படி முடிந்தது வருத்தம் தருகிறது. அந்தப் பலகை ஓட்டுநரிடம் எதையும் செய்யச் சொல்லவும் இல்லை.

நம் ஊர்ப் பலகைகளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பேருந்துப் படிக்கட்டு அருகே எழுதியிருக்கும் "படியில் பயணம் நொடியில் மரணம்" எதுகையால் நெஞ்சில் நிற்கிறது; ஆனால் கூட்டத்தில் உள்ளே போக இடமில்லாமல் தொங்கும் மாணவனுக்கு அதில் வழி ஏதும் இல்லை. "தலைக்கவசம் உயிர்க்கவசம்" வேறு வகை. யாரையும் திட்டாமல், மிரட்டாமல், என்ன செய்ய வேண்டும் என்பதை இரண்டே சொல்லில் கையில் தருகிறது. நியூசிலாந்து வாசகத்துக்கு இணையான ஒன்று நம் நான்குவழிச் சாலைகளிலும் வேண்டும். கிராமத்துப் பாதை வந்து சேரும் இடங்களுக்கு முன்னால், "பக்கத்துச் சாலையில் பைக் வரலாம், கால் பிரேக்கில் இருக்கட்டும்" என்று எழுதி வைக்கலாம். பயிர்க் கட்டோடு வரும் டிவிஎஸ் காரர், எண்பதில் வரும் காரின் தூரத்தைத் தப்பாகக் கணக்கிடுவது அங்கே அன்றாடம் நடப்பது. பொதுவாகச் "சாலை விதிகளை மதிப்போம்" என்று எழுதுவதைவிட, செய்ய வேண்டிய செயலைச் செய்ய வேண்டிய இடத்திலேயே சொல்வது பயன் தரும்.

இத்தனைக்கும் பிறகு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் 2013-இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 253 பேர். படம் வெளியான பிறகு அந்த எண் குறையவில்லை. 2017-இல் 378 ஆனது. சாலைச் சாவுகளுக்குப் பல காரணங்கள் உண்டு, படத்தைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் எவ்வளவு நல்ல வாசகமும் ஒரு நாட்டின் விபத்துக் கணக்கைத் தனியாகத் திருப்பிவிடாது என்பது அந்த எண்களில் தெரிகிறது.

அதே முகமை, அதே எண்ணத்தைச் சாலைச் சந்திப்புகளிலும் பொருத்திப் பார்த்தது. கிளைச் சாலையில் ஒரு வண்டி வருவதைத் தரையில் பதித்த உணர்கருவி அறிந்ததும், நேர்ச்சாலையில் இருக்கும் மின்பலகை ஒளிர்ந்து, அந்தச் சிறிது நேரத்துக்கு மட்டும் உச்ச வேகத்தை 70 அல்லது 60 ஆகக் குறைத்துக் காட்டும். குறுக்கே யாரும் இல்லாதபோது பலகை அணைந்திருக்கும். சோதனை நடந்த சந்திப்புகளில், பலகை ஒளிர்ந்தபோது ஓட்டுநர்கள் உண்மையிலேயே வேகத்தைக் குறைத்தார்கள்.