முதல் ஆப் டெவலப்பர் தேவை

எட்டுப் பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம் தன் முதல் மொபைல் டெவலப்பருக்கு விளம்பரம் தருகிறது. ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின், ஐபோனுக்கு ஸ்விஃப்ட், இரண்டிலும் 5 ஆண்டு அனுபவம் என்று கேட்டால், அது இருவர் வேலை. ஃப்ளட்டரில் எழுதினால் பெரும்பாலும் ஒரே நிரல் இரு வகை போனிலும் ஓடும். அதைக் கேட்பதே நடைமுறை.

நிரல் எழுதுவது பாதி வேலைதான். செயலியை ஸ்டோரில் ஏற்றுவது, ஆப்பிள் நிராகரித்தால் காரணம் பார்த்துத் திருத்துவது, நெட் அறுந்தாலும் ஆர்டர் தொலையாமல் போனிலேயே சேமித்துப் பிறகு அனுப்புவது எல்லாம் இவர் பொறுப்பு. வழிகாட்ட சீனியர் இல்லை என்பதையும் விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

நேர்காணலில் சான்றிதழைவிட, “ஸ்டோரில் உள்ள உங்கள் செயலியைக் காட்டுங்கள். எங்கே கிராஷ் ஆனது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்ற கேள்வியே ஆளைக் காட்டிவிடும்.