பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு சராசரி

அமெரிக்காவிலும் கனடாவிலும் கல்லூரி மாணவர்களுக்காக ஆண்டுதோறும் நடக்கும் புட்னம் கணிதப் போட்டி 1938-இல் தொடங்கியது. அந்த முதல் ஆண்டு வினாத்தாளிலேயே இப்படி ஒரு கணக்கு இருந்தது. x பூஜ்யத்தை நெருங்கும்போது இதன் மதிப்பு எதை நெருங்கும்?

(1/x) ∫₀ˣ (1 + sin 2t)^(1/t) dt

பார்த்தவுடன் கை தானாக உள்ளே இருக்கும் தொகையைப் போடத்தான் போகும். அங்கேதான் மாட்டிக்கொள்வோம். அடைப்புக்குள் சைன், அதன் தலைமேல் 1/t என்று அடுக்கு. பாடப்புத்தகத்தில் படித்த பிரதியிடல், பகுதித் தொகையிடல் எதற்கும் இது பிடிகொடுக்காது. ஆனால் அந்தத் தொகை நமக்குத் தேவையே இல்லை. அதுதான் இந்தக் கணக்கின் குறும்பு.

முதலில் இந்த வடிவம் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடுவோம். t என்பதை நேரம் என்றும், உள்ளே இருக்கும் சார்பை ஒரு பைக்கின் வேகம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைத் தொகையிட்டால் ஓடிய தூரம். அந்தத் தூரத்தை x என்ற நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம். ஆக, புறப்பட்ட முதல் ஒரு நிமிடத்தின் சராசரி, முதல் ஒரு நொடியின் சராசரி, அதிலும் நூறில் ஒரு பங்கின் சராசரி என்று சுருக்கிக்கொண்டே போனால் என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி. வேகம் திடீரென்று தாவாத வண்டி என்றால், புறப்பட்ட கணத்தில் வேகமானி காட்டிய எண்தான் கிடைக்கும்.

இனி வழக்கமான வழி. x பூஜ்யத்தை நெருங்கும்போது பகுதி பூஜ்யமாகிறது. தொகுதியும் அப்படியே, ஏனென்றால் ஓட நேரமே இல்லாத வண்டி தூரம் கடக்காது. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கும் இந்த நிலையில் லோபிதால் விதியை எடுக்கலாம்: மேலேயும் கீழேயும் தனித்தனியாக வகையிட்டு, அந்த விகிதத்தின் எல்லையைப் பார். கீழே x-ஐ வகையிட்டால் 1. மேலே இருக்கும் தொகையை வகையிட நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் வருகிறது. தூரம் எந்த வீதத்தில் கூடுகிறதோ அதுதான் அந்தக் கணத்தின் வேகம். அதனால் தொகைக்குறி கழன்று விழுகிறது, t இருந்த இடத்தில் x வந்து உட்காருகிறது:

(1 + sin 2x)^(1/x)

x பூஜ்யத்தை நெருங்கும்போது இது எங்கே போகிறது? மடக்கை எடுத்தால் ln(1 + sin 2x)/x. மறுபடியும் பூஜ்யத்தின்மேல் பூஜ்யம், மறுபடியும் லோபிதால். மேலே வகையிட்டால் 2cos 2x/(1 + sin 2x), கீழே 1. x-க்குப் பூஜ்யம் போட்டால் 2. மடக்கைதான் 2, எனவே விடை e², ஏறத்தாழ 7.389.

எனக்கு இதை எண்களில் பார்த்தால்தான் நிம்மதி. t = 0.01 என்றால் சார்பின் மதிப்பு 7.244. அதே 0.01 வரையிலான சராசரியோ 7.316. முதல் எண் e²-க்கு 0.145 குறைகிறது, இரண்டாவது 0.073. அதாவது சராசரியின் குறை கிட்டத்தட்டப் பாதி. இது தற்செயல் இல்லை. புறப்பட்ட இடத்துக்கு அருகே அந்த வளைகோடு கிட்டத்தட்ட ஒரு நேர்கோடாகச் சரிகிறது. ஒரே சீராகச் சரியும் எண்களின் சராசரி நடுவில்தானே நிற்கும்.

இந்த விதியைத் தன் பெயரில் வைத்திருக்கும் பிரெஞ்சுப் பிரபு அதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை என்பது கொசுறு. 1696-இல் வெளிவந்த அவருடைய நூலில் அது இருந்தது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் யோஹான் பெர்னூலி, அதுவும் ஆண்டுக்கு 300 லீவ்ர் பணத்துக்கு.

உண்மையில் இந்தக் கணக்கின் முதல் படிக்கு அவர் தேவையே இல்லை. தொகையை F(x) என்று எழுதிப் பாருங்கள். F(0) பூஜ்யம். ஆகவே F(x)/x என்பது பூஜ்யத்தில் F-இன் வகைக்கெழுவுக்கான வரையறையேதான். அடிப்படைத் தேற்றம் அந்த வகைக்கெழு என்ன என்பதை நேராகச் சொல்லிவிடுகிறது. t = 0-வில் சார்புக்கு மதிப்பு இல்லையே என்றால், அந்த ஒற்றைப் புள்ளியில் e² என்று வைத்து ஓட்டையை அடைத்துவிடலாம், தொகை மாறாது. ஒரு படி மிச்சம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. லோபிதாலைப் பிடித்துக்கொண்டே போனால் கவிழும் இடமும் இருக்கிறது.

உள்ளே cos(1/t) இருக்கட்டும். என் மாணவன் ஒருவன் லோபிதால் போட்டான், cos(1/x) வந்தது. x சுருங்கச் சுருங்க அது +1-க்கும் −1-க்கும் இடையே மேலும் கீழும் அலைகிறது. 0.01-லிருந்து 0.001-க்குள் மட்டும் 143 முழுச் சுற்று. "எல்லை இல்லைன்னு எழுதிடலாமா சார்?" என்றான். எழுதக் கூடாது. லோபிதால் விதி ஒருவழிப் பாதை. வகையிட்ட விகிதத்துக்கு எல்லை இருந்தால் பழைய விகிதத்துக்கும் அதே எல்லை. இல்லாவிட்டால் விதி வாய் திறக்காது.

வண்டிக்குத் திரும்புவோம். முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி என்று வெறிபிடித்து ஆடுகிற வண்டி எவ்வளவு தூரம் போய்விடும்? கணக்காகவே காட்டலாம். t² sin(1/t)-ஐ வகையிட்டால் 2t sin(1/t) − cos(1/t) வருகிறது. அதைத் திருப்பி எழுதினால்:

∫₀ˣ cos(1/t) dt = −x² sin(1/x) + ∫₀ˣ 2t sin(1/t) dt

சைன் 1-ஐத் தாண்டாது. அதனால் வலப்பக்கத்தின் முதல் உறுப்பு அளவில் x²-ஐத் தாண்டாது, இரண்டாவதும் அப்படியே. மொத்தத் தூரம் அதிகபட்சம் 2x². x-ஆல் வகுத்தால் 2x. x = 0.01 என்றால் சராசரி 0.02-க்குள் அடங்கிவிடும். எல்லை இருக்கிறது, அது பூஜ்யம். வேகமானிக்குப் புறப்பட்ட கணத்தில் காட்ட ஒரு எண் இல்லை, சராசரிக்கு இருக்கிறது.

விடைத்தாள்களில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதைவிடச் சாதாரணமானது. தொகையின் கீழ்எல்லையைக் கவனிக்காமல் விடுவது. உதாரணமாக, x பூஜ்யத்தை வலப்பக்கமாக நெருங்கும்போது இதைப் பாருங்கள்:

(1/x) ∫₁ˣ 2t dt

கண்ணை மூடிக்கொண்டு வகையிட்டால் 2x, விடை பூஜ்யம். ஆனால் இந்தத் தொகையைப் போட்டே பார்த்துவிடலாம்: x² − 1. அது −1-ஐ நெருங்குகிறது, பூஜ்யத்தை அல்ல. மேலே பூஜ்யம் இல்லாதபோது விதிக்கு அங்கே வேலையே இல்லை. x = 0.01 போட்டால் மதிப்பு −99.99, இன்னும் சுருக்கினால் இன்னும் கீழே பாய்கிறது. 1-லிருந்து தொடங்கிய பயணத்தை x-ஆல் வகுத்தால் சராசரி ஆகாது, x − 1-ஆல் வகுக்க வேண்டும். அப்படி வகுத்து, x-ஐயும் 1-க்கு அருகே கொண்டுபோனால் எல்லாம் ஒழுங்காகிவிடுகிறது. x = 1.01-க்கு 2.01, எல்லை 2. t = 1-இல் 2t-இன் மதிப்பும் அதேதான்.