தக்காளிப் பூ சொல்லும் நாட்கணக்கு

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் ஏ 32 வீதியில், மேற்குக் கரையை அணித்தாக அமைந்த ஊர் இலுப்பைக்கடவை. அவ்வட்டாரத்தில் நெல்லுக்கு மாரி மழை துணை. மாரி ஓய்ந்தபின் தோட்டப் பயிர்களுக்குக் கிணற்று நீரே துணை. அவ்வாறு வைக்கப்படும் பயிர்களுள் தக்காளியும் ஒன்று. தை மாதத்திலே பூத்த கொத்துகளில் பிஞ்சு நிறைந்திருக்க, அதே செடியில் பங்குனியிலே பூத்த கொத்துகள் வெறுங்காம்பாய் நிற்பதைத் தோட்டக்காரர் காண்பதுண்டு. செடியோ பசுமையாய் நிற்கிறது, பூவோ உதிர்கிறது. உரம் போதவில்லை என்று ஒருவர் யூரியா இடுகிறார். பூச்சியின் வேலை என்று மற்றொருவர் மருந்து தெளிக்கிறார். நேற்றுப் பெய்த மழை பூவைத் தட்டிவிட்டது என்று வேறொருவர் ஆறுதல் கொள்கிறார். காரணத்தைப் பிழையாகக் கொண்டால் பணமும் போகும், அடுத்த கொத்தும் போகும். ஆதலின் பூ ஏன் உதிர்ந்தது என்பதைச் செடியிடமே கேட்டறியும் வழி யாது என்பதே இங்கு எழும் வினா.

அதற்கு முதலில் பூவின் அமைப்பை அறிதல் வேண்டும். தக்காளிப் பூ கவிழ்ந்து தொங்கும் மஞ்சட் பூ. அதன் நடுவிலே மகரந்தக் கூடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கூம்பு போல நிற்கின்றன. அக்கூம்பினுள்ளே சூலகமும், அதிலிருந்து நீளும் தம்பமும், தம்பத்தின் நுனியிலே மகரந்தத்தை ஏற்கும் குறியும் மறைந்திருக்கின்றன. காற்று பூவை அசைக்கும்பொழுதோ, கருவண்டு போன்ற வண்டு பூவைப் பற்றிக்கொண்டு ரீங்காரமிடும்பொழுதோ, கூம்பின் உட்புறத்திலிருந்து மகரந்தம் உதிர்ந்து அதே பூவின் குறியில் விழுகிறது. வேறு செடியின் மகரந்தம் தேவையில்லை.

பூக்காம்பின் இடையிலே, மடித்த விரலின் மூட்டைப் போன்று புடைத்த ஓரிடம் உண்டு. தக்காளியின் முழுக் கதையும் அம்மூட்டில் எழுதப்பட்டிருக்கிறது எனலாம். மகரந்தம் முளைத்துச் சூல்கள் கருவுற்றால், வளரத் தொடங்கிய சூலகம் ஓட்சின் என்னும் வளர்ச்சிப் பொருளைக் காம்பின் வழியே அனுப்புகிறது. அது வந்துகொண்டிருக்கும்வரை மூட்டு இறுகி நிற்கும். கருவுறாவிடில் அவ்வரவு குறைகிறது. எதிலீன் என்னும் வாயுவின் ஆட்சி மேலோங்குகிறது. மூட்டிலுள்ள மெல்லிய கலப்படை ஒன்று தளர்ந்து, பூ தன் பாரத்தாலேயே விழுகிறது. எனவே உதிர்தல் என்பது பூவைப் பிடுங்கி எறியும் செயலன்று. செடி தானே கதவைச் சாத்திக்கொள்ளும் செயல்.

இவ்விரு நிலைகளையும் நிழற்படத்திலே பிரித்தறியலாம். பிஞ்சு பிடித்த பூவில் இதழ்கள் வாடிச் சுருங்கினாலும், உடனே விழாமல் பிஞ்சைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் அடியிலே மிளகளவான பச்சை உருண்டை தோன்றும். காம்பு பருத்துப் பச்சையாய் வளையும். மூட்டும் பச்சையாகவே இருக்கும். உதிரப்போகும் பூவிலோ, இதழ்கள் வாடியபின்பும் சூலகம் பருப்பதில்லை. மூட்டிலே முதலில் வெளிறிய பச்சையும் பின்னர் மஞ்சளும் ஏறும். விரல் பட்டவுடன் பூ மூட்டோடு கழன்று வரும். செடியிலே குட்டையான ஒரு காம்புத் துண்டு மட்டும் எஞ்சும். சில பூக்களில், கூம்புக்குள் மறைந்திருக்க வேண்டிய தம்பம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அது கடும் வெப்பத்தின் அடையாளம். அத்தகைய பூவில் குறி மகரந்தத்தினின்று விலகி நிற்பதால், காற்று அசைத்தாலும் பயன் சிறிதே.

வெப்பம் தக்காளியை எங்கே தாக்குகிறது என்பதை ஆராய்ந்தவர்களுள் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பிரிட்ஸ் வெண்ட் குறிப்பிடத்தக்கவர். இரவின் வெப்பநிலை ஏறக்குறைய 15 முதல் 20 பாகை செல்சியசு வரை இருக்கும்பொழுதே தக்காளி நன்கு காய்பிடிக்கிறது என்று அவர் 1944ஆம் ஆண்டளவிலே காட்டினார். மன்னார்க் கரையோரத்திலே தை மாதத்து இரவுகூட பெரும்பாலும் அவ்வளவு குளிர்வதில்லை. ஆயினும் அங்கே தக்காளி காய்க்கிறது. ஏனெனில் வெப்பநாடுகளில் பயிராகும் இனங்கள் சற்று உயர்ந்த வெப்பத்தையும் தாங்குமாறு தெரிந்தெடுக்கப்பட்டவை. 1971இல் தைவானில் நிறுவப்பட்ட உலகக் காய்கறி நிலையம் இத்தகைய இனங்களை உருவாக்குவதைத் தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. இருப்பினும் தாங்கும் எல்லை என்று ஒன்று உண்டு. பகலில் 35 பாகையைக் கடந்து, இரவிலும் 26, 27 பாகைக்குக் கீழே இறங்காத நாட்கள் சில தொடர்ந்தால், பெரும்பாலான இனங்களில் மகரந்தம் கெடும்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி, மகரந்தம் கெடுவது பூ விரியும் நாளில் மட்டும் அன்று என்பது. அது மொட்டினுள்ளே உருவாகும் காலமே வெப்பத்துக்கு மிக மென்மையான காலம். அக்காலம் பூ விரிவதற்கு ஏறக்குறைய 8 முதல் 13 நாட்களுக்கு முன் வருகிறது. இன்று உதிரும் பூவின் கதையைச் சென்ற வாரத்துக்கும் முந்திய வானிலையிலே தேட வேண்டியிருப்பது இதனாலேயே.

பூங்கொத்து இத்தேடலுக்கு ஒரு நாட்காட்டியாக உதவுகிறது. ஒரு கொத்தின் பூக்கள் யாவும் ஒருங்கே விரிவதில்லை. அடியிலுள்ள பூ முதலில் விரியும். ஓரிரு நாள் இடைவெளியில் அடுத்தடுத்த பூக்கள் நுனிவரை விரியும். அடியிலிருந்து நுனிவரை பார்ப்பது, முந்திய நாளிலிருந்து பிந்திய நாள்வரை பார்ப்பதற்கு ஒப்பாகும்.

இலுப்பைக்கடவையில் ஒரு தோட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்குள்ள ஒரு செடியின் மூன்றாங் கொத்தில் ஏழு மொட்டுகள். கமக்காரர் அக்கொத்தின் அருகே தண்டில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, நாள்தோறும் காலை ஏழு மணிக்குக் கையடக்கத் தொலைபேசியால் படம் எடுத்துவருகிறார். பூக்கள் பங்குனி 18, 19, 21, 22, 24, 25, 27 ஆகிய திகதிகளில் ஒவ்வொன்றாக விரிகின்றன. தோட்டத்து வேம்பின் நிழலிலே தொங்கும் வெப்பமானியின் கணக்கும் அவரிடம் உண்டு. பங்குனி 12 முதல் 15 வரை காற்று அடங்கி, பகல் 36 பாகையும் இரவு 27 பாகையுமாகப் புழுங்கியது. அதன்பின் காற்று மீண்டு, பகல் 32, இரவு 24 என்று தணிந்தது. பங்குனி 26 மாலையில் ஒரு சிறு மழையும் பெய்தது. 27 முதல் 29 வரை நான்காம், ஐந்தாம், ஆறாம் பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன.

அயலவர் மழையையே குற்றவாளி என்கிறார். படங்களோ வேறு சொல்கின்றன. 25ஆந் திகதிப் படத்திலேயே நான்காம் பூவின் மூட்டு மஞ்சளேறி நிற்கிறது. மழை அதற்கு அடுத்த நாளே பெய்தது. மழை உதிர்வதை ஒருவேளை விரைவுபடுத்தியிருக்கலாம். தொடக்கி வைத்தது அதுவன்று. இனி ஒவ்வொரு பூவுக்கும் விரிந்த நாளிலிருந்து 8 முதல் 13 நாள் பின்னோக்கி எண்ணினால் உண்மை வெளிப்படும். முதற் பூவின் மென்மையான காலம் பங்குனி 5 முதல் 10 வரை. இரண்டாவதற்கு 6 முதல் 11 வரை. இரண்டும் புழுக்கத்துக்கு முந்தியவை, இரண்டும் காய்பிடித்தன. மூன்றாம் பூவுக்கு 8 முதல் 13 வரை. இறுதி இரு நாட்களே புழுக்கத்தில் அகப்பட்டன. அது பிஞ்சு பிடித்தது. ஆனால் விதை குறைந்து, கோணலாய், உள்ளே வெற்றிடம் கொண்ட காயாகும் வாய்ப்பு உண்டு. நான்காவதற்கு 9 முதல் 14 வரை; ஐந்தாவதற்கு 11 முதல் 16 வரை; ஆறாவதற்கு 12 முதல் 17 வரை. இம்மூன்றும் புழுக்கத்தின் மூன்று நாட்களையோ நான்கையுமோ முழுமையாகப் பெற்றன, மூன்றும் உதிர்ந்தன. ஏழாவது பூவுக்கு 14 முதல் 19 வரை, இரு நாட்களே பட்டன, அது தப்பியது.

இக்கணக்கை உறுதிசெய்ய மேலும் ஒரு பார்வை தேவை. வெப்பமே காரணமாயின், அதே நாட்களில் விரிந்த பூக்கள் தோட்டம் முழுவதிலும், அயல் தோட்டத்திலும் உதிர்ந்திருக்கும். ஒரு பாத்தியில் மட்டும் உதிர்ந்திருந்தால் நீர் சேராமையை ஐயுறலாம். இலை கரும்பச்சையாகித் தண்டு தடித்திருந்தால் தழைச்சத்து மிகுந்தது எனலாம். அங்கே யூரியா மேலும் தீங்கே செய்யும். இதழில் வெண்கீறல்களும் பழுப்புத் தழும்புகளும் இருந்தால், பூவை ஒரு வெள்ளைத் தாளின்மேல் தட்டிப் பார்க்க வேண்டும். நூலிழை போன்ற சிறு பூச்சிகள் ஓடினால் அவை பனிப்பூச்சிகள்.

நிழற்படத்துக்கும் எல்லை உண்டு. மகரந்தம் உயிருடன் உள்ளதா என்பதைப் படம் காட்டாது. மாலை வெயிலில் எடுத்த படத்தில் நலமான மூட்டும் மஞ்சளாகத் தோன்றும். மேலிருந்து எடுத்த படத்தில் கவிழ்ந்த பூவின் முதுகே தெரியும். மூட்டும் குறியும் தெரியா. ஆதலால் காலை ஒளியில், கொத்தின் பக்கவாட்டிலும் சற்றுக் கீழிருந்தும், பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து எடுத்தல் நன்று. நலமான பிஞ்சு ஒன்றும் அதே படத்தில் அடங்கினால் நிறத்தை ஒப்பிட இயலும். மன்னார் நகரில் அளக்கப்படும் வெப்பநிலை தோட்டத்தின் வெப்பநிலையாகாது. நிழலில் தொங்கும் சொந்த வெப்பமானியே உற்ற சாட்சி.

உதிர்ந்த பூவை மீட்கும் மருந்து இல்லை. எனினும் காரணம் தெரிந்தவர் எடுத்துக்காட்டுக் கமக்காரரைப் போல நடந்துகொள்ளலாம். அவர் பூச்சிமருந்து வாங்கவில்லை, யூரியா இடவில்லை. மண் காய்ந்து வெடிக்காமல் ஒரே சீராக நீர் இறைத்தார். காற்றில்லாத நாட்களில் முற்பகல் ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையே, செடிகளைத் தாங்கும் தடிகளை மெல்லத் தட்டி மகரந்தம் உதிரச் செய்தார். கெட்ட மகரந்தத்துக்கு இது உதவாது. நல்ல மகரந்தம் அசைவின்றி வீணாவதை இது தடுக்கும். அடுத்த ஆண்டுக்கான தீர்மானம் ஒன்றையும் தம் குறிப்பேட்டில் எழுதினார். நாற்று நட்டு ஏறக்குறைய ஐந்து வாரத்தில் முதற் கொத்து பூக்குமாதலால், மார்கழித் தொடக்கத்திலேயே நட்டால் முதன்மையான கொத்துகள் தையிலும் மாசியிலும் விரிந்துவிடும். பங்குனிப் புழுக்கத்துக்கு எஞ்சுவன கடைசிக் கொத்துகளே.

சிவப்பு நூல் கட்டிய கொத்தில் இறுதியாக நின்றவை நான்கு காய்கள். மூன்றாவது மட்டும் சற்றுக் கோணலாக வளர்ந்தது.