இரவுப் பணி மோதலை எக்செல் ஏன் தவறவிடுகிறது?

ஒரே செவிலியருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வார்டா? ஒரு பணி, மற்றது முடியும் முன் தொடங்கி, மற்றது தொடங்கிய பின் முடிந்தால் மோதல்தான். A-யில் பெயர், B-யில் தொடக்கம், C-யில் முடிவு. கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் இந்த விதி:

```
=COUNTIFS($A$2:$A$200,$A2,$B$2:$B$200,"<"&$C2,$C$2:$C$200,">"&$B2)>1
```

ஒவ்வொரு வரிசையும் தன்னையும் எண்ணிக்கொள்ளும், அதனால்தான் `>1`.

இரவு 8 முதல் காலை 8 வரை என நேரத்தை மட்டும் எழுதினால், முடிவு தொடக்கத்தைவிடச் சிறிய எண்ணாகிவிடும். மோதல் இருந்தாலும் நிறம் மாறாது. தேதியையும் சேர்த்தே எழுதுங்கள்.

வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது போன்ற பணி நேர வரம்பைச் சரிபார்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். எக்செலுக்கு ஒரு நாள் என்பது 1. 48 மணி வெறும் 2. வாரப் பணி நேரத்தின் கூட்டுத்தொகையை 24-ஆல் பெருக்காமல் 48-உடன் ஒப்பிட்டால் எச்சரிக்கை வரவே வராது. 50 மணி நேரம் `h:mm` வடிவில் 2:00 என்றே தெரியும். `[h]:mm` கொடுத்தால்தான் 50:00.